ஐந்தாவது அளவு

மாதங்கிக்குத் தன் கேள்வித்தாள்களைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று சொன்னது மரியாதைக்காக. தஞ்சாவூரில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதுகலைக் கணித ஆசிரியை அவள். மாவட்டத்துக் கணித ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் மன்றத்தின் ஆண்டுப் போட்டிக்கு நாலு வருடமாக அவள்தான் கேள்வித்தாள் எடுக்கிறாள். அதில் முதலாவதாக வரும் ஒரே ஒரு பிள்ளைக்கு மே மாதம் சென்னையில் ஒரு மாதக் கணிதப் பயிற்சி முகாம். மாவட்டத்துக்கு ஒரே இடம். அந்த ஒரு இடத்துக்காகத் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒரத்தநாடு வரை பிள்ளைகள் பஸ் ஏறி வந்து எழுதினார்கள்.

இந்த வருடம் மன்றத்தின் செயலாளர் சிவசங்கரன், "கேள்வியெல்லாம் வாழ்க்கையோட ஒட்டி இருக்கணும் மேடம், வெறும் எண்ணா இருந்தா பசங்க தூங்கிடுறாங்க" என்று சொல்லிவிட்டார். மாதங்கியிடம் ஏற்கெனவே ஓர் அழகான கணக்கு இருந்தது. ஒரு வட்ட நாற்கரம், அதாவது நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் இருக்கிற நாற்கரம். பக்கங்கள் 25, 39, 52, 60. நான்கையும் கூட்டிப் பாதியாக்கினால் அரைச்சுற்றளவு 88. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 63, 49, 36, 28. நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பரப்பு. பிரம்மகுப்தர் சொல்லிவைத்த வழி. இதில் 63-ஐயும் 28-ஐயும் பெருக்கினால் 1764. 49-ஐயும் 36-ஐயும் பெருக்கினாலும் அதே 1764. ஆக வர்க்கமூலம் எடுக்கிற வேலையே இல்லை, விடை 1764 தான். இதைக் கண்டுபிடித்த அன்று சந்தோஷத்தில் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டாள்.

வாழ்க்கையோடு ஒட்டுவதற்காக நாற்கரத்தை வயலாக்கினாள். "குடவாசலுக்கு அருகே ஒரு வயலின் நான்கு வரப்புகளும் வரிசையாக 25, 39, 52, 60 மீட்டர் நீளம் உள்ளவை. வயலின் பரப்பு என்ன?" நான்கு மூலைகளும் ஒரு வட்டத்தின் மேல் உள்ளன என்றும் முதலில் எழுதினாள். எழுதிவிட்டுச் சிரித்தாள். எந்த விவசாயி வட்டம் போட்டு வரப்பு கட்டுகிறான்? கேள்வி கேலிக்கூத்தாகிவிடும் என்று அந்த வாக்கியத்தை அடித்தாள். தாத்தா காலத்தில் குடும்பத்துக்குக் குடவாசல் பக்கம் நிலம் இருந்தது என்பதைத் தவிர வயலைப் பற்றி அவளுக்கு வேறொன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் பிரயோஜனமில்லை; தவறு வயலில் நடக்கவில்லை, அவள் மேஜையில் நடந்தது.

விடைத்தாள் திருத்துவது மன்றத்தில் ஒரு திருவிழா மாதிரி. ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளியின் பெரிய அறை, மூன்று மேஜைகளைச் சேர்த்துப் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, நடுவில் பஜ்ஜித் தட்டு. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வேடிக்கையான விடை வந்தால் ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

வயல் கணக்கை மாதங்கியே திருத்தினாள். அப்படி வந்ததுதான் அந்தத் தாள்.

"இதக் கேளுங்க" என்று படித்தாள். "'இந்த நான்கு அளவுகள் மட்டும் போதாது. வயலைக் குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணமாக்கினால்தான் பரப்பு காண முடியும். குறுக்களவு கொடுக்கப்படவில்லை. 25-க்கும் 60-க்கும் நடுவில் உள்ள மூலை செங்கோணமாக இருந்தால் குறுக்களவு 65. அப்போது இந்தப் பக்கம் 750, அந்தப் பக்கம் 1014, மொத்தம் 1764 சதுர மீட்டர். குறுக்களவு 50 ஆக இருந்தால் ஏறத்தாழ 1531 தான் வருகிறது. வயலை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது.' எப்படி? நேர்ல பாக்கணுமாம். பஸ்ஸுக்கு நாம காசு குடுக்கணும் போல."

அறை சிரித்தது. திருக்காட்டுப்பள்ளி அரசுப் பள்ளியிலிருந்து வந்திருந்த சிங்காரவேலு பஜ்ஜி புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

"1764-னு வந்திருக்கே மேடம், ரெண்டு மார்க்காவது போடலாமே" என்றார் சிவசங்கரன்.

"வந்துருக்கு, கூடவே 1531-ம் வந்துருக்கு சார். எதுவாவது ஒண்ணு சரியா இருக்கட்டும்னு ரெண்டு கல்ல விட்டுருக்கு. இதுக்கு மார்க் போட்டா ஊகிக்கிறத நாமளே ஊக்குவிக்கிற மாதிரி." சிவப்பு மையில் பெரிய பூஜ்யம் போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: "கணக்கைப் போடச் சொன்னால் கதை எழுதாதே."

முடிவு வந்தபோது ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று வாங்கி முதலிடத்தில் வந்தவள் பூர்ணிமா, மாதங்கியின் சொந்த மாணவி. இரண்டாவதாக வந்த எண்ணுக்கு நாற்பத்தொன்று. பாடத்திட்டத்தில் இல்லாத அந்த அரைச்சுற்றளவு வழியை மாதங்கி சனிக்கிழமை வகுப்பில் பூர்ணிமாவுக்கெல்லாம் நடத்தியிருந்தாள். அதில் அநியாயம் ஒன்றுமில்லை, யார் வேண்டுமானாலும் கற்றுக்கொடுக்கலாம் என்று தனக்குத் தானே ஒருமுறை சொல்லிக்கொண்டாள். ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

பரிசளிப்பு விழா தை மாதக் கடைசி ஞாயிறு. அன்று கேள்வி எடுத்தவரே மேடையேறி ஒரு கணக்கை விளக்க வேண்டும் என்பது மன்றத்தின் வழக்கம். மாதங்கி வயல் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டாள். முதல் நாள் சனிக்கிழமை மாலை, படம் வரைய ஒரு பெரிய சார்ட் தாளைத் தரையில் விரித்து, காம்பஸும் அளவுகோலுமாக உட்கார்ந்தாள். ஐந்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து முதலில் தாளின் ஓரத்தில் சின்னதாகப் போட்டுப் பார்த்தாள். அறுபது மீட்டர் வரப்புக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கோடு. அதன் ஒரு முனையிலிருந்து இருபத்தைந்துக்கு ஐந்து சென்டிமீட்டர்.

எந்தப் பக்கமாக?

காம்பஸின் முள் ஊன்றி நின்றது. பென்சில் முனை வில்லாக ஓடியது. அந்த வில்லில் எந்தப் புள்ளியில் மூலையை வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஓரிடத்தில் வைத்து மற்ற இரண்டு வில்களையும் போட்டாள். வயல் வந்தது. அழித்து வேறோர் இடத்தில் வைத்தாள். அப்போதும் வந்தது. வேறு வயல்.

நாற்கரம் வரைய ஐந்து அளவு வேண்டும். எட்டாம் வகுப்புப் பாடம். எட்டாம் வகுப்புக்குப் போகிற வருடமெல்லாம் கரும்பலகையில் பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்லவைத்தவள் அவள்தான்.

எழுந்துபோய் விளக்குமாற்றிலிருந்து நாலு குச்சியை உருவினாள். அளந்து வெட்டி, முனைக்கு முனை நூலால் கட்டினாள். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து அழுத்தினால் சட்டம் ஒடுங்கியது. விட்டால் பெருத்தது. நாலு குச்சியும் அதே நீளம்தான். உள்ளே இருக்கிற இடம் மட்டும் இளைத்தது, கொழுத்தது. எல்லாவற்றிலும் பெரிதாக இருக்கிற ஒரே நிலையில்தான் நாலு மூலையும் வட்டத்தில் உட்காரும். 1764 என்பது அந்த ஒரு நிலையின் பரப்பு. அந்த நாலு வரப்புகளுக்குள் அதற்கு மேல் போகவே முடியாது. கீழே எத்தனையோ அளவில் இருக்கலாம். 1531-ம் இருக்கலாம்.

முகம் எரிந்தது. வீட்டில் யாரும் இல்லை. இருந்தும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தவறு செய்தது கூடப் பெரிதில்லை, அதை வைத்துக்கொண்டு நாலு பேர் நடுவில் சிரிப்பு மூட்டினாளே, அதுதான் உறுத்தியது. பஸ்ஸுக்குக் காசு என்று சொன்ன தன் குரல் காதில் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சிவசங்கரனுக்குப் போன் போட்டு இரண்டாவது இடம் வாங்கியவர் யார் என்று கேட்டாள். ஈஸ்வரி, பதினோராம் வகுப்பு, திருக்காட்டுப்பள்ளி. அந்த 'போதாது' என்று எழுதிய எண்ணும் அதுதானா என்று கேட்டாள். பார்த்துச் சொன்னார்: அதேதான்.

"சார், அந்தப் பொண்ணு எழுதுனதுதான் சரி. என் கேள்வி தப்பு. வட்டம்னு நான் குடுக்கவே இல்ல."

"இப்பச் சொல்றீங்களே மேடம். பேனர் கட்டியாச்சு. பூர்ணிமா போட்டோ ஆறடிக்கு நிக்குது. சென்னைக்கும் பேர் அனுப்பியாச்சு."

"அஞ்சு மார்க் குடுத்தா அவ நாப்பத்தாறு. கேள்விய எல்லாருக்கும் தள்ளிட்டாலும் பூர்ணிமா முப்பத்தெட்டு, அவ நாப்பத்தொண்ணு. எப்படிப் பாத்தாலும் அவதான்."

"அந்தக் கணக்கெல்லாம் எனக்கும் வரும். நாளைக்கு விளக்கும்போது 'மூலை நாலும் வட்டத்துல இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லிடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் ஜாக்கிரதையா இருப்போம்."

அவள் அடுத்து அழைத்தது சிங்காரவேலுவை. ஈஸ்வரி அவர் மாணவி.

"எங்க புள்ளதான் மேடம். நீங்க தாளை எடுத்தப்பவே கையெழுத்து தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் சார் சிரிச்சீங்க?"

"எல்லாரும் சிரிச்சீங்க." பிறகு தணிந்த குரலில், "அவ எழுதுனது சரியோன்னு எனக்கு உள்ளுக்குள்ள உறுத்திச்சு மேடம். நீங்க தப்புன்னா தப்பாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். வாயத் தொறந்தா சொந்த ஸ்கூல் புள்ளைக்குப் பரிஞ்சு பேசுறான்னு ஆயிடும். அதுக்காகக் கொஞ்சம் சத்தமாவே சிரிச்சேன்" என்றார்.



மறுநாள் மேடையில் மாதங்கி உண்மையைச் சொன்னாள் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. வாசலில் ஆறடிப் பூர்ணிமா சிரித்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் அவள் அம்மா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். சக ஆசிரியர்கள் நாற்பது பேர். மாதங்கி சார்ட்டைத் தொங்கவிட்டாள். சுத்தமான வட்டம், அதில் நான்கு மூலை தொட்ட வயல். "இந்த வயலின் நான்கு மூலைகளும் ஒரு வட்டத்தின் மேல் அமைந்துள்ளன" என்று தொடங்கினாள். குரல் நன்றாகவே வந்தது. அரைச்சுற்றளவு 88, கழித்தால் 63, 49, 36, 28. 1764 வந்ததும் கை தட்டினார்கள்.

நடுவரிசையில் சிங்காரவேலுவுக்குப் பக்கத்தில் சீருடையில் ஒரு பெண் கேள்வித்தாளை மடியில் விரித்திருந்தாள். வட்டம் என்று மாதங்கி சொன்னதும் அவள் விரல் கேள்வியின் மேல் ஓடியது. முதலிலிருந்து மறுபடி ஓடியது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். சிங்காரவேலு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சான்றிதழோடு விடைத்தாளையும் திருப்பிக் கொடுப்பது மன்றத்தின் வழக்கம். எல்லாருக்கும் கொடுத்து முடித்து, நன்றியுரைக்கு முன் டீ கொடுத்தார்கள். மாதங்கி கூட்டத்திலிருந்து ஒதுங்கி வராந்தாத் தூணருகே நின்றாள். அந்தப் பெண் நேரே அவளிடம் வந்தாள். கையில் கேள்வித்தாளும், நாலாக மடித்த விடைத்தாளும் இருந்தன.

"மிஸ், நான் ஈஸ்வரி. திருக்காட்டுப்பள்ளி."

"தெரியும்மா."

"சாரி மிஸ். நான் கேள்விய ஒழுங்காப் படிக்கல. வட்டம்னு இருந்தத விட்டுட்டு ஏதேதோ எழுதிட்டேன். எங்க சார் எப்பவும் சொல்லுவாங்க, கேள்விய ரெண்டு தடவ படின்னு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "இப்ப இந்தத் தாள்ல தேடுனேன், கண்ணுல பட மாட்டேங்குது. எங்க மிஸ் இருக்கு?"

அந்தக் கேள்வியில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் மாதங்கி எப்படியோ சமாளித்திருப்பாள். அந்தப் பெண் உண்மையாகவே கேட்டாள். அச்சடித்த தாளில் இல்லாத ஒரு வார்த்தையை இருப்பதாக நம்பி, அதைக் காணாதது தன் கண்ணின் குறை என்று நம்பி, தாளை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அதுல இல்லம்மா" என்றாள் மாதங்கி. பிறகு, "நான் போடல. நீ எழுதுனதுதான் சரி. மேடையில நான் சொன்னது பொய்" என்றாள்.

ஈஸ்வரி முதலில் சந்தோஷப்படவில்லை. பயந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பரவால்ல மிஸ். யார்கிட்டயும் சொல்லாதீங்க. எல்லார் முன்னாடியும் உங்களுக்கு அசிங்கமாப் போயிடும். எனக்குச் சரின்னு தெரிஞ்சாப் போதும்."

நாற்பத்தேழு வயதில், பதினாறு வயதுப் பெண் தன் மானத்துக்குக் காவல் நிற்பதை மாதங்கி பார்த்தாள். அதற்கு மேல் குனிய இடமில்லை. டீக் குவளையைத் தூண் அடியில் வைத்துவிட்டு மேடைக்கு நடந்தாள். நன்றியுரைத் தாளை எடுத்துக்கொண்டிருந்த சிவசங்கரனிடம், "மைக்கக் குடுங்க சார்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தவர் மறுக்கவில்லை.

நன்றாகப் பேசினாள் என்று சொல்ல முடியாது. நடுவில் இருமுறை நின்றுபோனாள். கேள்வியில் வட்டம் இல்லை, நான்கு பக்கம் மட்டும் தெரிந்தால் பரப்பு சொல்ல முடியாது, வட்டத்தில் அமைந்தால் மட்டுமே இந்த வழி செல்லும், மற்ற எந்த வடிவத்திலும் அது நிஜத்தைவிட அதிகமாகக் காட்டும் என்றாள். இதைச் சரியாக எழுதிய ஒரே தாளுக்குத் தான் பூஜ்யம் போட்டதையும், அதை வாய்விட்டுப் படித்துச் சிரிக்கவைத்ததையும் சொன்னாள். "அரைமணி முன்னால இதே மைக்குல பொய்யும் சொன்னேன்." யாரும் கை தட்டவில்லை. சிங்காரவேலு எழுந்து, "நானும் சிரிச்சேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு உட்கார்ந்துகொண்டார்.

சிவசங்கரன் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி, சென்னைக்கு அன்றைக்கே திருத்தக் கடிதம் அனுப்புவதாக அறிவித்தார். வேறென்ன செய்வார்?

பூர்ணிமா மேடைக்குக் கீழே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை.

"நான் எழுதுனது தப்பா மிஸ்?"

"நான் கேட்டது தப்புடா. நான் சொல்லிக்குடுத்தத நீ எழுதுன."

பூர்ணிமா கொஞ்சம் யோசித்தாள். "வகுப்புல நீங்க வட்டம் வரைஞ்சீங்க மிஸ். அது எதுக்குன்னு சொல்லல. நான் அழகுக்குன்னு நெனைச்சேன்."

தனக்கு மனப்பாடமான ஒன்று பிள்ளைகளுக்கும் தெரியும் என்று நினைத்து எத்தனை வட்டத்தை இப்படிச் சும்மா வரைந்திருப்பாள் என்று மாதங்கிக்கே கணக்கில்லை. பூர்ணிமாவின் அம்மா மகளின் தோளைப் பிடித்துத் திருப்பி அழைத்துப் போனாள். மாதங்கியின் பக்கம் பார்க்கவே இல்லை.

ஈஸ்வரி வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். வெளியே அவள் அப்பா மொபெட்டை முறுக்கிக்கொண்டு நின்றார். மதியம் அறுவடை மெஷின் வருகிறதாம், நேரமாகிவிட்டதாம். மாதங்கி ஓடாத குறையாகப் போய் அவளைப் பிடித்தாள்.

"அந்தத் தாளைக் குடும்மா. நான் எழுதுனத அடிச்சிட்டு மார்க்கப் போட்டுத் தர்றேன்."

ஈஸ்வரி தயங்கினாள். தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு வேறு வழியில்லாமல் நீட்டினாள்.

மாதங்கி பிரித்தாள். சிவப்பு மையில் தான் எழுதிய வரி அங்கே இல்லை. அதன் மேல் நீல மையால் கட்டம் கட்டமாக, ஒரு எழுத்தும் தெரியாதபடி, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தித் தீற்றியிருந்தது. டீ குடிக்கிற நேரத்தில் செய்திருக்க வேண்டும். பூஜ்யத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாமல் விட்டிருந்தாள்.

"சாரி மிஸ்" என்றாள் ஈஸ்வரி. "அப்பா படிப்பாங்க."

மாதங்கி பையில் சிவப்புப் பேனாவைத் தேடினாள். கிடைத்தது. பூஜ்யத்தை அடித்து, பக்கத்தில் ஐந்து என்று போட்டு, கீழே கையெழுத்திட்டாள். அதுவும் ஒழுங்காக வரவில்லை. ஈஸ்வரி தாளை வாங்கி, மை காய்வதற்காக ஊதிக்கொண்டே அப்பாவிடம் போனாள்.